அலையைத் தொடாமல் வலையைக் காட்டுவது எப்படி? கோட்நேம்ஸில் குறிப்புச் சொல் தேர்வு

செக் நாட்டைச் சேர்ந்த விளையாட்டு வடிவமைப்பாளர் விளாடா ஹ்வாதில் உருவாக்கி, செக் கேம்ஸ் எடிஷன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ‘கோட்நேம்ஸ்’, 2016-ல் ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதைப் பெற்ற குழு விளையாட்டாகும். மேசையில் ஐந்துக்கு ஐந்தாக 25 சொல் அட்டைகள் பரப்பப்படுகின்றன. சிவப்பு, நீலம் என இரு அணிகள் எதிரெதிராக ஆடுகின்றன. ஒவ்வோர் அணியிலும் ஒருவர் குறிப்பு கொடுப்பவராகவும் மற்றவர்கள் ஊகிப்பவர்களாகவும் அமர்கின்றனர். எந்தச் சொல் எந்த அணிக்குரியது என்பதைக் காட்டும் சிறிய வரைபட அட்டை குறிப்பு கொடுக்கும் இருவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும்; முதலில் ஆடும் அணிக்கு 9 சொற்கள், அடுத்த அணிக்கு 8, யாருக்கும் உரியதல்லாத ‘வழிப்போக்கர்’ சொற்கள் 7, தொட்ட அணி அக்கணமே தோற்றுவிடும் ‘கொலையாளி’ எனப்படும் கறுப்புச் சொல் 1 என்பது அதிலுள்ள பகுப்பு.

குறிப்பு கொடுப்பவர் தம் முறையில் ஒரே ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் மட்டும் சொல்லலாம். எண் என்பது அந்தச் சொல்லோடு தொடர்புடைய தம் அணிச் சொற்கள் எத்தனை என்பதைக் குறிப்பது. ஊகிப்பவர்கள் ஒன்றையாவது தொட்டே ஆக வேண்டும். சரியாகத் தொடும்வரை அந்த எண்ணுக்கு மேல் ஒன்று கூடுதலாகவும் தொடரலாம். வழிப்போக்கரையோ எதிரணிச் சொல்லையோ தொட்டால் முறை அத்துடன் முடிந்துவிடும். மேசையில் இன்னும் மூடப்படாத சொல்லையோ அதன் வேறு வடிவத்தையோ அதைக் கொண்ட கூட்டுச்சொல்லையோ குறிப்பாகச் சொல்ல முடியாது என்பதும், குறிப்பு சொற்களின் பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டுமே தவிர எழுத்தையோ அட்டை கிடக்கும் இடத்தையோ சுட்டக் கூடாது என்பதும் இதன் அடிப்படை விதிகள். எனவே தமிழில் ஆடுவோருக்கு, ‘உப்பு’ மேசையில் இருக்கும்வரை ‘உப்பளம்’ என்ற குறிப்பும், எதுகையை மட்டும் நம்பிய குறிப்பும் விலக்கானவை.

ஒரு சொல்லுக்கு ஒரு குறிப்பு என்று கொடுத்தால் தவறு நேர வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் அப்படி ஆடி வெல்ல முடியாது என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது. முதலில் ஆடும் சிவப்பு அணியும் அடுத்து ஆடும் நீல அணியும் முறைக்கு இரண்டு சொற்கள் வீதம் தவறின்றிக் கண்டுபிடிப்பதாகக் கொண்டால், நான்கு முறைகளின் முடிவில் சிவப்பு 8 சொற்களையும் நீலம் 8 சொற்களையும் கண்டிருக்கும். நீலத்துக்குத் தேவையானது எட்டே என்பதால், சிவப்பின் ஐந்தாவது முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அதாவது முதலில் ஆடும் அணி நான்கு முறைகளில் ஒன்றிலாவது மூன்று சொற்களை இணைத்தாக வேண்டும். அந்த மூன்றை எந்த இடத்தில் துணிவது, எங்கே இரண்டோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான் குறிப்பு கொடுப்பவர் எடுக்கும் முதன்மையான முடிவு.

ஒரு மேசை, இருபத்தைந்து சொற்கள்

இதைக் கண்ணெதிரே வைத்துப் பார்க்க, தமிழ்ச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பரப்பிய ஒரு மேசையை எடுத்துக்கொள்ளலாம். சிவப்பு அணி முதலில் ஆடுகிறது. வரைபட அட்டை காட்டும் பகுப்பு பின்வருமாறு அமைந்திருக்கிறது.

சிவப்பு: வலை, படகு, உப்பு, புளி, ஊசி, யானை, கண்ணாடி, மணி, மாலை.
நீலம்: தேர், இரவு, முள், பல், கிணறு, கிளி, சந்தை, பாலம்.
வழிப்போக்கர்: பூனை, கதவு, புத்தகம், நெல், பரிசு, சட்டை, தபால்.
கறுப்பு: அலை.

இந்த மேசையைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் குறிப்பு ‘கடல் – 3’ என்பதாகவே இருக்கும். வலை, படகு, உப்பு மூன்றும் கடலோடு தொடர்புடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘கடல்’ என்று கேட்டதும் ஊகிப்பவர்களின் கண் மேசையில் தேடிச் செல்லும் முதல் சொல் அலை. அதைத் தொட்ட கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும். குறிப்புக்கும் தம் சொற்களுக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும் அளந்து, அதே குறிப்பு மற்ற 16 சொற்களில் எதை எவ்வளவு இழுக்கிறது என்பதை அளக்காமல் விடுவதிலிருந்தே இத்தகைய தோல்விகள் பெரும்பாலும் பிறக்கின்றன. குறிப்பு கொடுப்பவரின் பார்வை தம் ஒன்பது சொற்களிலிருந்து குறிப்பை நோக்கிச் செல்கிறது; ஊகிப்பவர்களின் பார்வையோ குறிப்பிலிருந்து இருபத்தைந்து சொற்களையும் நோக்கிச் செல்கிறது. ஆகவே ஒரு குறிப்பின் பாதுகாப்பு என்பது, குறிவைத்த சொற்களில் மிகவும் வலுக்குறைந்ததற்கும், குறிவைக்காத பிற நிறச் சொற்களில் மிகவும் வலுவானதற்கும் இடையே உள்ள இடைவெளியே ஆகும்.

நெருக்கத்தை விட்டு உறவைத் தேடுதல்

‘கடல்’ ஆகாது என்றதும் பலர் அதே வட்டத்துக்குள் நுட்பமான வேறொரு சொல்லைத் தேடுவது வழக்கம். நெய்தல் திணை மக்களின் தொழில் மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வருவதால், ‘நெய்தல் – 3’ என்பது மூன்று சொற்களையும் அழகாகத் தழுவுவதாகத் தோன்றும். ஆனால் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்ற வரையறையையும் அதே பாடம்தான் கற்பிக்கிறது. ஆதலால் ஊகிப்பவர்களின் நினைவில் முதலில் எழுவது மீண்டும் கடற்கரையும் அதன் அலையுமே. சொல் மாறினாலும், ‘அந்த இடத்தில் என்னென்ன இருக்கும்’ என்ற கேள்வி மாறவில்லை. அந்தக் கேள்விக்கு அலை எப்போதும் முன்வரிசை விடையாகவே நிற்கும்.

கேள்வியையே மாற்றும் குறிப்புதான் இங்கே பயன்படுகிறது. ‘மீனவர் – 2’ என்று சொன்னால், ஒரு மனிதரைச் சுட்டும் சொல் என்பதால், ‘அவர் எதை வைத்திருப்பார், எதைக் கொண்டு வேலை செய்வார்’ என்ற கேள்வி ஊகிப்பவர்களிடம் எழுகிறது. வலையும் படகும் அதற்கு உடனடி விடைகளாகின்றன. அலை அவருடைய உடைமையும் அன்று, கருவியும் அன்று என்பதால் பின்னுக்குப் போகிறது. இடம், உடைமை, கருவி, உறுப்பு, மூலப்பொருள் எனச் சொற்களுக்கு இடையே பலவகை உறவுகள் உண்டு. ஆபத்தான சொல் எந்த உறவில் வலுவாக நிற்கிறதோ அந்த உறவை விட்டுவிட்டு, தம் சொற்கள் மட்டும் நிற்கும் வேறோர் உறவைத் தெரிவு செய்வதே பல சொற்களைப் பாதுகாப்பாக இணைக்கும் வழி. அதே மீன்பிடித் துறையிலிருந்து ‘மீன் – 2’ என்று எடுத்திருந்தால் உறுப்பு என்ற உறவும் கூடவே திறந்துகொண்டு, நீல அணியின் ‘முள்’ளை வலைக்கு அடுத்த இடத்துக்குக் கொண்டு வந்திருக்கும் என்பதிலிருந்து, ஒரு சிறு விகுதி செய்யும் வேலை விளங்கும்.

ஊகிப்பவர்களும் இதே தருக்கத்தை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறார்கள். பேசுபவர் கேட்பவரோடு ஒத்துழைத்து, தேவையான அளவு, பொருத்தமானதையே சொல்வார் என்ற எதிர்பார்ப்பே உரையாடலைத் தாங்குகிறது என்று மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் விளக்கினார். அந்த எதிர்பார்ப்பின்படி நல்ல ஊகிப்பாளர், ‘இந்தச் சொல்லைத்தான் அவர் குறிவைத்திருந்தால், இந்தக் குறிப்பையா சொல்லியிருப்பார்?’ என்று கேட்டுப் பார்க்கிறார். ‘மீனவர்’ என்ற குறிப்பைக் கேட்டவர், அலை வேண்டுமென்றால் கடல் என்றே சொல்லியிருப்பாரே என்று எண்ணி அதை ஒதுக்குவது இவ்வாறுதான். எளிதான சொல் கையருகே இருந்தும் அதைத் தவிர்த்தார் என்பதே, அந்த எளிதான சொல்லின் பக்கம் ஏதோ ஆபத்து இருக்கிறது என்பதற்கான செய்தியாகவும் ஆகிவிடுகிறது. ஆயினும் இந்த அளவுக்கு எண்ணிப் பார்க்காத புதியவர்கள் அணியில் இருந்தால், குறிப்பு கொடுப்பவர் இந்த விலக்கல் தருக்கத்தை நம்பி எண்ணைக் கூட்டுவது தகாது.

மூன்றைத் துணியும் இடம்

நான்கு முறைகளில் ஒன்றிலாவது மூன்று தேவை என்பதால், அதற்கேற்ற சொற்களைத் தேடும்போது இந்த மேசையில் ‘காது – 3’ என்ற குறிப்பு கிடைக்கிறது. யானையின் காது பெரிது என்பது குழந்தைக்கும் தெரியும். ஊசியில் நூல் கோக்கும் துளையைத் தமிழில் காது என்றே சொல்கிறோம். மூக்குக் கண்ணாடியின் இரு கம்பிகளும் காதில்தான் மாட்டப்படுகின்றன. முதல் இரண்டும் ‘காது உடையவை’ என்ற ஒரே உறவில் நிற்க, மூன்றாவதோ ‘காதில் மாட்டுவது’ என்ற வேறோர் உறவுக்குத் தாவுவதால் வலுக்குறைந்தது. போதாக்குறைக்குக் கண்ணாடி என்ற சொல்லைப் பார்ப்பவர் முகம் பார்க்கும் கண்ணாடியை நினைத்துக்கொண்டால் அந்த இணைப்பே தோன்றாது.

இப்போது எதிர்ப்பக்கத்தை அளக்க வேண்டும். காது என்றதும் யானை, ஊசி இரண்டுக்கும் பிறகு ஊகிப்பவர்கள் தயங்கக்கூடிய சொற்கள் மூன்று: மணியோசை காதில் கேட்பது என்பதால் மணி, காதுள்ள விலங்கு என்பதால் பூனை, காதைப் போலவே உடலுறுப்பு என்பதால் பல். இவற்றில் மணி சிவப்பு அணிக்கே உரிய சொல். அங்கே வழுக்கி விழுந்தாலும் ஒரு சொல் கிடைத்ததாகவே முடியும். பூனை வழிப்போக்கர், மூன்றாவது ஊகமாக அதைத் தொட்டால் முறை முடியும், ஆனால் மூன்று ஊகங்களோடு நிறுத்திக்கொள்ளும் அணிக்கு எப்படியும் அந்த இடத்தில்தான் முறை முடிந்திருக்கும் என்பதால் கண்ணாடி கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு இழப்பில்லை. பல் மட்டுமே உண்மையான செலவு. அது எதிரணிக்கு ஒரு சொல்லை இலவசமாகத் தந்துவிடும். அலை இந்தக் குறிப்பின் அருகில் எங்கும் இல்லை.

ஊகிப்பவர்கள் பொதுவாக உறுதியானதை முதலிலும் ஐயமானதைக் கடைசியிலும் தொடுகிறார்கள் என்பதால், வலுக்குறைந்த இணைப்பு இயல்பாகவே வரிசையின் கடைசிக்கு வந்து சேர்கிறது. ஆகையால் மூன்றாவது இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்பதைவிட, அது தவறினால் ஊகம் எந்த நிறத்தில் போய் விழும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தம் நிறத்திலோ வழிப்போக்கரிலோ விழுமானால் வலுக்குறைந்த மூன்றாவதைச் சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் இலாபமே. எதிரணி நிறத்தில் விழக்கூடுமானால் யோசிக்க வேண்டும். கறுப்பில் விழக்கூடுமானால் இணைப்பு எவ்வளவு அழகாயினும் எண்ணைக் குறைத்துவிட வேண்டும். அதனால்தான் இந்த மேசையில் காதுக்கு மூன்றும் மீனவருக்கு இரண்டும் பொருந்துகின்றன. மீனவருக்கு மூன்று என்று சொல்லி உப்பையும் சேர்க்க முயன்றால், உப்புக்கும் மூன்றாமிடத்துக்கும் நடுவே நிற்பது அலை.

எஞ்சிய நான்கும் தொங்கும் ஒன்றும்

காதும் மீனவரும் ஐந்து சொற்களை எடுத்துக்கொண்ட பின், மணி, மாலை, உப்பு, புளி நான்கும் எஞ்சுகின்றன. மணிக்கும் மாலைக்கும் முதலில் தோன்றுவது ‘கோயில்’; ஆனால் நீல அணியின் தேர் அதில் இரண்டுக்கும் முன்னே ஓடும். பொழுது என்ற பொருளில் இரண்டையும் பிடிக்கும் ‘நேரம்’ அடுத்துத் தோன்றும். அதில் நீல அணியின் இரவு மாலைக்குச் சமமாக நிற்கும். மாலை அணியப்படுவதும் மாட்டுக்கு மணி கட்டப்படுவதும் கழுத்தில் என்பதைப் பற்றிக்கொண்டு ‘கழுத்து – 2’ என்று சொன்னால், போட்டியாக வரக்கூடியது சட்டை மட்டுமே, அதுவும் வழிப்போக்கர். பொருள் பல உள்ள சொல்லுக்கு, எதிரணிச் சொல் பங்குகொள்ளாத பொருளைத் தேடிப் பிடிப்பதும் மேலே கண்ட உறவுத் தெரிவின் இன்னொரு வடிவமே.

உப்புக்கும் புளிக்கும் ‘ரசம் – 2’ நேரடியான குறிப்பு. முதல் முறையில் கண்ணாடி தவறிப் போயிருந்தால், இதே குறிப்பு அதையும் மீட்க உதவுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறம் பூசப்படுவதற்கும் ரசம் என்றே பெயர் என்பதால், ‘ரசம் – 3’ என்று சொல்ல இடமுண்டு. ஆனால் ‘ரசம் போன கண்ணாடி’ என்ற வழக்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புலப்படும். சமையலறை ரசத்தை மட்டும் அறிந்த இளையவர்கள் நெல்லையும் சந்தையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே குறிப்பு ஓர் அணிக்குப் பாதுகாப்பானதாகவும் இன்னோர் அணிக்கு ஆபத்தானதாகவும் அமையக் காரணம், இடைவெளி என்பது சொற்களுக்கு நடுவே மட்டுமின்றி எதிரே அமர்ந்திருப்பவர்களின் நினைவிலும் அளக்கப்படுவதே.

முந்திய குறிப்பில் கண்டுபிடிக்கப்படாமல் தொங்கும் சொல்லை மீட்க விதியே ஒரு வழி வைத்திருக்கிறது. எண்ணுக்கு மேல் ஒன்று கூடுதலாக ஊகிக்கலாம் என்ற சலுகை, காதுக்கு இரண்டோடு நின்றுவிட்ட அணி அடுத்த முறையில் மீனவருக்கான இரண்டையும் முடித்த பின் திரும்பிக் கண்ணாடியைத் தொடுவதற்கே மிகவும் பயன்படுகிறது. தொங்கும் சொல் எதுவும் இல்லாதபோது அந்தக் கூடுதல் ஊகத்தைப் பயன்படுத்துவதோ பெரும் ஆபத்து. மீனவருக்கு வலையும் படகும் சரியாக அமைந்த மகிழ்ச்சியில் இன்னொன்று என்று நீளும் கை, அடுத்த நெருக்கமான சொல்லான அலையின் மீதே விழும். ஆகவே எந்தக் குறிப்புக்கு எத்தனை கிடைத்தன, எத்தனை பாக்கி என்பதை ஊகிப்பவர்கள் நினைவில் வைத்திருப்பதும், அணிச் சொல்லாகவே இருந்தாலும் மணியைத் தவறுதலாகத் தொட்டு மூன்றை நிரப்பிக்கொண்டார்களா என்பதைக் குறிப்பு கொடுப்பவர் கவனிப்பதும் அவசியமாகின்றன. அவர்கள் கணக்கில் காது தீர்ந்துவிட்டது, அவர் கணக்கிலோ கண்ணாடி இன்னும் தொங்குகிறது.

குறிப்பு சொன்ன பிறகு நடக்கும் விவாதமே அந்தக் குறிப்பின் தரத்தைக் காட்டும் கருவி. குறிவைத்த சொற்கள் முதல் சில நொடிகளிலேயே பெயர் சொல்லப்பட்டால் இடைவெளி போதுமானதாக இருந்தது என்று பொருள். குறிவைக்காத சொல் முதலில் சொல்லப்பட்டுப் பிறகு தள்ளப்பட்டால், குறிப்பு தப்பித்தது ஊகிப்பவர்களின் தருக்கத்தால்தான் என்று பொருள். அந்த நேரத்தில் முகத்தாலோ மூச்சாலோ எதையும் காட்டக் கூடாது என்பதால், குறிப்பு கொடுப்பவர் செய்யக்கூடியது அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது மட்டுமே. கண்ணாடி என்றால் மூக்குக் கண்ணாடியா, முகம் பார்ப்பதா என்று அவர்களே பேசிக்கொள்வதிலிருந்து, அடுத்து ரசத்துக்கு இரண்டு சொல்வதா மூன்று சொல்வதா என்பது முடிவாகிவிடும்.

பூஜ்யமும் மாறும் மேசையும்

கறுப்புச் சொல் தொடர்ந்து வழிமறித்துக்கொண்டிருக்கும் ஆட்டங்களில், அதை நேரடியாக விலக்கவும் விதி இடம் தருகிறது. ‘சுனாமி – 0’ என்று சொல்வது, சுனாமியோடு தொடர்புடைய எதுவும் நம் சொல் அன்று என்ற செய்தி. பூஜ்யம் சொல்லும்போது ஊக எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஆனால் ஒன்றையாவது தொட்டே ஆக வேண்டும். முன்குறிப்புகளில் தொங்கும் சொற்கள் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்போது இந்தப் பூஜ்யம், அலையை ஒதுக்கிவிட்டு அவற்றையெல்லாம் ஒரே முறையில் எடுத்துக்கொள்ள வழி திறக்கிறது. தொங்கும் சொல் எதுவும் இல்லாத தொடக்கத்திலோ, குருட்டு ஊகம் ஒன்றைக் கட்டாயமாக்கி ஒரு முறையை வீணாக்குகிறது.

ஒரு குறிப்பின் பாதுகாப்பு ஆட்டம் நெடுக ஒரே அளவில் இருப்பதில்லை. அட்டைகள் மூடப்பட மூடப்பட போட்டிச் சொற்கள் குறைகின்றன. மூடப்பட்ட சொல்லையே குறிப்பாகப் பயன்படுத்தவும் அனுமதி கிடைக்கிறது. தொடக்கத்தில் ‘கருவாடு – 3’ என்பது உப்பு, வலை, படகு மூன்றையும் அலையிலிருந்து நன்றாகவே தள்ளி வைத்தது என்றாலும், உப்புக்கு அடுத்த இடத்தைப் பூனையும் சந்தையும் முள்ளும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அது ஒதுக்க வேண்டிய குறிப்பாக இருந்தது. வேறு வரிசையில் ஆடப்பட்ட ஓர் ஆட்டத்தில் அந்த மூன்று சொற்களும் மூடப்பட்டு, சிவப்புக்கு உப்பு, வலை, படகு மூன்றும் நீலத்துக்கு ஒரே ஒரு சொல்லும் மீதமிருக்கும் நிலை வரலாம். அப்போது ‘மீனவர் – 2’ என்ற நிதானமான குறிப்பு தோல்வியை ஒரு முறை தள்ளிப் போடக்கூட உதவாது, ஏனெனில் நீலம் தன் கடைசிச் சொல்லை அடுத்த முறையிலேயே எடுத்துவிடும். மூன்றையும் இப்போதே பெற்றாக வேண்டிய அந்த இடத்தில், முன்பு கைவிடப்பட்ட கருவாடு மேசையிலேயே மிகப் பாதுகாப்பான குறிப்பாகிவிடுகிறது. அதைச் சொல்ல முடிவது, தொடக்கத்தில் அது ஏன் ஒதுக்கப்பட்டது என்பதையும், ஒதுக்கக் காரணமான மூன்று அட்டைகளும் இப்போது மூடப்பட்டுவிட்டன என்பதையும் நினைவில் வைத்திருக்கும் குறிப்பாளருக்குத்தான்.